‘கொஞ்சம் குறைச்சுக்கலாமா அக்கா?’

தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கும்போதே என் வாட்ஸ்அப்பில் இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். காலையில் வானொலி நிகழ்ச்சி, மாலையில் அம்மாவோடு சேர்ந்து முறுக்கு வியாபாரம். அம்மா பிழிகிறார், நான் சுடுகிறேன். ஆர்டர் எடுப்பதும் பேரம் பேசுபவர்களுக்குப் பதில் சொல்வதும் என் பொறுப்பு.

வானொலியில் ‘முடியாது’ என்பதைக்கூடச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம், குரலிலேயே அந்தச் சிரிப்பு தெரியும். சாட்டில் அந்த வசதி இல்லை. ‘முடியாது’ என்று தட்டினால், படிப்பவருக்குக் கதவைச் சாத்தியது போல இருக்கும். அதற்குப் பயந்து உடனே குறைத்துவிடலாமா என்றால், கணக்கு இடிக்கிறது.

ஒரு டப்பா முறுக்கு 28 வெள்ளி. மாவு, தேங்காய்ப்பால், எண்ணெய், கேஸ், டப்பா, வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கும் செலவு எல்லாம் சேர்த்து 20 வெள்ளி ஆகிறது. மீதி 8 வெள்ளிதான் எங்கள் இருவரின் உழைப்புக்கு. ‘பத்து விழுக்காடுதானே, குறைங்களேன்’ என்றால் குறைவது 2 வெள்ளி 80 காசு. அதற்காக எண்ணெய்க் கடைக்காரர் எனக்கு விலை குறைக்கப் போவதில்லை. அவ்வளவும் அந்த 8 வெள்ளியிலிருந்துதான் போகும். மிஞ்சுவது 5 வெள்ளி 20 காசு. நூறு டப்பாவில் கிடைத்த 800 வெள்ளியைச் சம்பாதிக்க, இனி 154 டப்பா சுட வேண்டும். வாங்குபவருக்கு அது பத்து விழுக்காடு. அம்மாவின் முதுகுக்கு அது இன்னும் 54 டப்பா.

அதனால் விலை கேட்டவுடன் நான் ‘சரி’யும் சொல்வதில்லை, ‘முடியாது’ம் சொல்வதில்லை. ஒரு கேள்வி கேட்கிறேன். ‘கேட்டதற்கு நன்றிங்க. எத்தனை டப்பா வேணும், எந்தத் தேதிக்கு வேணும்?’ வாய்ப் பழக்கத்துக்காகப் பேரம் பேசுபவர்கள் பலர். அவர்களில் பாதிப் பேர் ‘ரெண்டு போதும்கா, சனிக்கிழமை’ என்று எழுதிவிட்டு, குறைப்பு கேட்டதையே மறந்துவிடுவார்கள். உண்மையிலேயே மொத்தமாக வாங்க வந்தவர் எண்ணிக்கையைச் சொல்வார். பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டும்.

போன வருடம் அத்தை முறையில் ஒருவர் கேட்டார். ‘பத்து டப்பா எடுத்துக்கிறேன்மா. 22-னு போட்டுக் கொடு. வேற இடத்துல அந்த விலைக்குக் கிடைக்குது.’ ஒத்துக்கொண்டிருந்தால் பத்து டப்பாவுக்கும் சேர்த்து எங்களுக்கு மிஞ்சுவது 20 வெள்ளி. மறுத்தால் உறவில் கசப்பு. பத்தும் ஒரே வீட்டுக்குப் போவதால் எனக்கு எந்தச் செலவு குறையும் என்று பார்த்தேன். விநியோகத்துக்கு டப்பாவுக்கு 2 வெள்ளி வைத்திருந்தேன். பத்து டப்பாவுக்கு 20 வெள்ளி. அவரே வந்து எடுத்துக்கொண்டால் அந்தச் செலவே இல்லை. இப்படி எழுதினேன்:

‘அத்தை, அந்த முறுக்கைப் பத்தி எனக்குத் தெரியாது, எங்க விலை 28தான். ஆனா பத்தும் நீங்களே வந்து எடுத்துக்கிட்டா, டப்பா 26-னு போட்டுத் தர்றேன். அம்மாவும் உங்களைப் பார்த்த மாதிரி இருக்கும். எந்த நாள் வசதி?’

வந்தார், 260 வெள்ளி கொடுத்தார், அம்மாவோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். எங்கள் 80 வெள்ளியில் ஒரு காசும் குறையவில்லை.

நான் பிடித்துக்கொண்டிருக்கும் விதி இவ்வளவுதான். எனக்கு ஒரு செலவு குறைந்தால், அந்த அளவுக்கு விலை குறையும். கேட்டதற்காக மட்டும் குறையாது. கேட்டவுடன் குறைத்தால், ‘அப்போ முதல்ல சொன்னது கூட்டிச் சொன்ன விலையா?’ என்ற சந்தேகம் வரும். அதே தாமானில் 28 கொடுத்து வாங்கியவருக்கு அந்தச் செய்தி மறுநாளே போய்விடும்.

உண்மையிலேயே கையைக் கடிக்கிறது என்பவர்களும் உண்டு. அவர்களுக்குச் சின்ன டப்பா 15 வெள்ளிக்கு வைத்திருக்கிறேன். முறுக்கு பாதிதான், ஆனால் டப்பாவும் விநியோகமும் பாதி விலைக்குக் கிடைப்பதில்லை. அதனால் 14 இல்லாமல் 15.

சாட்டில் ஒன்றை மட்டும் எழுதுவதே இல்லை, அது செலவுப் பட்டியல். எண்ணெய் இவ்வளவு, மாவு இவ்வளவு என்று எழுதினால், ‘எண்ணெய் அந்தக் கடையில மலிவாச்சே’ என்று அடுத்த பேரம் ஆரம்பமாகிவிடும். அந்தக் கணக்கு எங்கள் சமையலறைக் காலண்டருக்குப் பின்னால் பென்சிலில் இருக்கிறது. வாடிக்கையாளருக்குத் தேவை விலை, தேதி, ஒரு நன்றி.

இதற்குப் பிறகும் ‘வேண்டாம்கா’ என்பவர்கள் இருக்கிறார்கள். ‘பரவாயில்லைங்க, அடுத்த முறை பார்க்கலாம். தீபாவளி வாழ்த்துகள்’ என்று அனுப்பிவிட்டு, அடுத்த ஆர்டரைப் பார்க்கப் போய்விடுவேன்.