தாளில் எழுதலாமா, காத்திருக்கலாமா?

"வினாடி வினா மன்ற அமைப்பாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது" என்று அருட்சகோதரி கூறியதும் நாங்கள் மூவரும் கணினி அறைக்கு ஓடினோம். இப்பருவத்தின் பொருள் அறிவியல் புனைகதை. மதிப்பெண் விதிகளும் புதியவை என்று அதில் கண்டிருந்தது.

முன்பெல்லாம் ஒவ்வோர் அணிக்கும் முறைப்படி ஒரு வினா வரும். தவறினால் அடுத்த அணிக்குப் போகும். ஆகவே, தடுமாறும் அணிக்கு அடுத்து அமர்ந்தவர்களுக்குத் தம் வினாவோடு பிறர் வினாவும் கிடைத்துவிடும். புதிய விதியில், ஓர் அணி சரியாகச் சொன்னால் அடுத்த வினா அதற்கு அடுத்த அணியிலிருந்தே தொடங்கும். சரியான விடைக்கு 10 மதிப்பெண். முறை வரும்போது தவறாகச் சொன்னால் இழப்பில்லை. முறை வரும்வரை காத்திராமல் விடையைத் தாளில் எழுதி இரகசியமாகவும் கொடுக்கலாம். சரியென்றால் 10; தவறென்றால் 5 குறையும். எழுதிக் கொடுத்தவர்களுக்கு அவ்வினாவில் மறுபடி முறை கிடையாது.

தேனியில் போட்டி நடந்தது. கம்பம், போடி அணிகளும் வந்திருந்தன. ஆறு அணிகளில் எங்கள் இடம் ஐந்தாவது.

முதல் வினா முதல் அணிக்கு: "மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட நாவலில், விஞ்ஞானி படைக்கும் உயிரின் பெயர் என்ன?" முறை எங்களுக்கு வருமுன் முடிந்துவிடுமே என்று அவசரமாக 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்று எழுதிக் கொடுத்தோம். அது விஞ்ஞானியின் பெயர்! அந்த உயிருக்குப் பெயரே இல்லை என்று இரண்டாவது அணி சொல்லிற்று. எங்களுக்கு 5 குறைந்தது.

அடுத்த வினா மூன்றாவது அணியில் தொடங்கிற்று: "1905-இல் சென்னையின் 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் வெளியான, பெண்களே நாடாளும் கதை எது?" ரொக்கையா எழுதிய 'சுல்தானாவின் கனவு'! மூவருக்கும் ஐயமின்றித் தெரியும். ஆயினும் சூடுபட்ட பூனைகளாகிவிட்டோம். முறை வரட்டும் என்றிருந்தோம். நான்காவது அணி சொல்லிவிட்டது.

மூன்றாம் வினா எங்களிடமே தொடங்கியது: "பெரியாறு அணை திறக்கப்பட்ட ஆண்டில் வெல்ஸ் வெளியிட்ட நாவல் எது?" நம் பள்ளத்தாக்கிற்கு அத்தண்ணீர் வந்த 1895-ஐ மறப்போமா? 'கால இயந்திரம்' என்றோம். முறை எங்களுடையது, தாள் தேவைப்படவில்லை. மொத்தம் 5 மதிப்பெண். இரண்டாம் வினாவுக்கு எழுதியிருந்தால் 15.

திரும்பும் பேருந்தில் கணக்குப் போட்டோம். மூன்று முறை எழுதி ஒரு முறை சரி, இரு முறை தவறு என்றால் 10 கூடி 10 குறையும், மிச்சம் பூஜ்யம். ஆகவே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம்பிக்கை இருந்தால்தான் எழுத வேண்டும். முறை அருகில் இருந்தால் அதற்கும் கூடுதல் நம்பிக்கை வேண்டும். காத்திருந்து தவறினால் இழப்பில்லையே. ஆனால் உறுதியாகத் தெரிந்ததற்கு ஒருபோதும் காத்திருக்கக் கூடாது.

தெரியாததில் துணிந்தோம், தெரிந்ததில் அஞ்சினோம். அன்று எங்களைத் தோற்கடித்தவர்கள் நாங்களே.

— பத்தாம் வகுப்பு மாணவியர்