ஆத்தாவுக்கு ஒரு வானம்

எங்க ஆத்தா இறந்து வர்ற மாசியோட ஒரு வருஷம் ஆகுது. சட்டம் போட்டு மாட்ட எங்களிடம் ஒரே ஒரு போட்டோதான் இருந்தது. சாயங்காலம் களத்துமேட்டில் நின்றபோது பெரியப்பா மகன் போனில் எடுத்தது. முகம் தெளிவாக விழணும் என்று வெளிச்சத்தைக் கூட்டியதால் பின்னாடி வானம் வெறும் வெள்ளையாகிவிட்டது. ஆத்தாவின் நரைமுடியும் அதிலேயே கரைந்துபோச்சு.

ஸ்டுடியோவில் வேறு ஒரு வானத்தை ஒட்டித் தந்தார்கள். ஆத்தா முகத்தில் வெயில் இடது பக்கம், அந்த மேகத்தில் வலது பக்கம். பார்த்ததுமே பொய் என்று தெரிந்தது. நாமே வானத்தைப் படம் எடுக்கலாம் என்றால் தை மாசத்தில் பொட்டு மேகங்கூட இல்லை. அதனால் அண்ணன் கணினியில் கிம்ப் என்ற இலவச மென்பொருளில் நானே வரைந்தேன்.

முதலில் ஆத்தாவைச் சுற்றியுள்ள வெள்ளையை மட்டும் தேர்ந்தெடுத்து நீலம் பூசினேன். மேலே அடர்த்தி, கீழே தரையை நெருங்க நெருங்க வெளிறல். நிஜ வானமும் அப்படித்தான் இருக்கும், வேண்டுமானால் வெளியே போய்ப் பாருங்கள்.

அடுத்து மேகம். ஓரம் மங்கலான வட்டத் தூரிகையால் வெள்ளையை அப்பினேன். பஞ்சு மிட்டாய் மாதிரி வந்தது! எல்லா ஓரமும் ஒரே மாதிரி மங்கலாக இருந்ததுதான் தப்பு. அழித்துவிட்டு, சொரசொரப்பான தூரிகையை எடுத்தேன். Opacity 20 வைத்து, அளவை மாற்றி மாற்றி, ஒன்றின்மேல் ஒன்றாகத் தட்டினேன். வெயில் படுகிற இடது மேல் ஓரத்தைக் கூர்மையாக விட்டு, வலது பக்கத்தை Smudge கொண்டு கலைத்துவிட்டேன்.

நிழலுக்குக் கறுப்பு வைத்தேன், புகை மாதிரி ஆகிவிட்டது. வானத்தின் நீலத்தையே கொஞ்சம் சாம்பலாக்கி வைத்தபோதுதான் மேகத்துக்குக் கனம் வந்தது. அடிப்பக்கத்தைத் தட்டையாக்கினேன். தூரத்து மேகங்களைச் சின்னதாக, நெருக்கமாக, மங்கலாகப் போட்டேன். பிறகு படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தேன். ஒரே வடிவத்தில் மூன்று மேகம் இருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. இரண்டைக் கலைத்தேன்.

கடைசியில் ஆத்தா தலைக்குப் பின்னால் வேண்டுமென்றே ஒரு சாம்பல் மேகம் வைத்தேன். அதன்மேல் 2 பிக்சல் தூரிகையால், காணாமல்போன நரைமுடியை ஒவ்வொரு இழையாக இழுத்தேன். அதற்கே ஒரு நாள் முழுக்க ஆச்சு.

அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். “அன்னிக்கு மழை வர்ற மாதிரியா இருந்துச்சு?” என்று கேட்டார்.

“இல்லப்பா, வானம் நான் வரைஞ்சது. முடியும்தான்” என்றேன்.

அப்பா பேசவில்லை. அந்த முடி இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

– 9-ஆம் வகுப்பு மாணவி