பவுண்டை நம்பாத பட்ஜெட்

திருவனந்தபுரம் கரமனையில் வசிக்கும் அந்த ஓய்வுபெற்ற நர்ஸ், காலையில் பேப்பரைப் பிரித்ததும் முதலில் தேடுவது வர்த்தகப் பக்கத்தை. "பவுன் விலையா பாக்குறீங்கக்கா?" என்பார் பக்கத்து வீட்டுப் பெண். "பவுன் இல்ல, பவுண்டு" என்பார் இவர்.

சொந்த ஊர் நாகர்கோவில். இங்கிலாந்து மருத்துவமனைகளில் 30 ஆண்டுகள் உழைத்ததற்கு பிரிட்டிஷ் அரசு 2015 முதல் பென்ஷன் தருகிறது. வாரத்துக்கு 115.95 பவுண்டு. நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 463.80 பவுண்டு ரூபாயாக மாறி இவரது வங்கிக் கணக்குக்கு வந்துவிடும்.

2016 ஜூனில் ஒரு பவுண்டு ஏறக்குறைய 100 ரூபாய். கைக்கு 46,000க்கு மேல் வந்தது. அந்தத் தைரியத்தில், கூரையைப் பழுதுபார்க்கலாம் என்று 8,000 ரூபாய் சிட்டி ஒன்றில் சேர்ந்தார். அதே மாதம் 23ஆம் தேதி, ஐரோப்பிய யூனியனிலிருந்து விலக பிரிட்டன் வாக்களித்தது. அக்டோபரில் பவுண்டு 82 ரூபாயாகச் சரிய, வந்தது 38,000 மட்டுமே. குறைந்த தொகை ஏறத்தாழ சிட்டித் தவணை. தவணை தவறினால் அந்த மாத டிவிடெண்டும் போய்விடும். இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின.

அதன்பிறகு பிறந்ததுதான் இவரது கணக்கு. பேப்பரில் என்ன விலை போட்டிருந்தாலும் இவருக்கு ஒரு பவுண்டு 80 ரூபாய்தான். அப்படியானால் ஒரு தவணைக்கு 37,104 ரூபாய். ஆண்டுக்கு வருவது 12 தவணை அல்ல, 13. மொத்தத்தை 12ஆல் வகுத்தால் மாதம் 40,000 சொச்சம். மருந்து, வேலைக்காரப் பெண்ணின் சம்பளம், கரண்ட் பில் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். மிஞ்சுவது இரண்டாவது பாஸ்புக்குக்குப் போகும். ஒரே மாதத்தில் இரண்டு தவணை வந்தாலும் (ஆண்டுக்கு ஒருமுறை இந்த ஆசை காட்டல் உண்டு) கை நீளாது.

வந்த ரூபாயை 463.80ஆல் வகுத்துப் பார்ப்பதும் வழக்கம். விடை பேப்பர் விலையைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். மாற்றுபவர்களின் லாபம் அதில்தான் ஒளிந்திருக்கிறது. வித்தியாசம் திடீரென்று கூடினால் வங்கிக்குப் போய் விசாரிப்பார்.

2025இல் பவுண்டு 115 ரூபாயைத் தாண்டியபோது அக்கம்பக்கத்தில் ஒரே வாழ்த்து. இவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. இந்தியாவில் குடியேறியவர்களின் பென்ஷனை பிரிட்டன் ஆண்டுதோறும் உயர்த்துவதில்லை. 2015இல் வாங்கிய அதே 115.95தான் இன்றைக்கும். இங்கிலாந்திலேயே தங்கிவிட்ட சக நர்ஸுக்கு 2025 ஏப்ரலில் அது 176.45 ஆனது. தனி ஒப்பந்தம் இருப்பதால் பிலிப்பைன்ஸ் திரும்பியவர்களுக்கும் உயர்வு உண்டு. "ஒரே வார்டுல ஒண்ணா நைட் டூட்டி பார்த்தோம். அவ மணிலா போனா, நான் இங்க வந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்" என்கிறார்.

115 ரூபாய் விலையிலும் பட்ஜெட் நோட்டின் முதல் வரியில் 80தான் இருக்கிறது. வளையல்களை மீட்டாயிற்று. கூரை வேலைக்கு இரண்டாவது பாஸ்புக்கிலிருந்து அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்.