டைமர் மீது விழுந்த பழி

ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில், நாமகிரிப்பேட்டையைத் தாண்டி ஒரு சேகோ ஆலை. உள்ளே நுழைந்ததும் மரவள்ளிக் கிழங்கின் புளித்த வாடை மூக்கில் ஏறுகிறது. களத்தில் கிழங்கு மலையாகக் கிடக்கிறது. தோண்டி எடுத்த கிழங்கை இரண்டு, மூன்று நாளுக்குள் அரைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கறுத்துவிடும். அதற்காகத்தான் புதிதாக ஓர் அரவை இயந்திரம் வாங்கியிருக்கிறார்கள். 20 ஹெச்.பி. மோட்டார், கூடவே வெளியில் செய்து வாங்கிய ஸ்டார்-டெல்டா பேனல்.

நான் போன நேரம், எலெக்ட்ரீஷியன் மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அவரிடம் தொழில் பழகும் பையன், பேனல் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த ஜெராக்ஸ் படத்தைப் பார்த்து வயர்களுக்கு நம்பர் மாட்டிக்கொண்டிருந்தான். பாதியில் கை நின்றுவிட்டது.

"அண்ணே, இது டெல்டா ஆகாதுங்கண்ணா."

"ஏன்டா?"

"U1-க்கும் L1 வருது, U2-க்கும் L1 வருது. காயிலோட ரெண்டு முனையிலயும் ஒரே பேஸுங்க."

எலெக்ட்ரீஷியன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தருகே வந்தார். எனக்கும் காட்டினார். மோட்டாருக்குள் மூன்று காயில், ஆறு முனை. கிளம்பும்போது U2, V2, W2 மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் அது ஸ்டார். அப்போது ஒரு காயிலுக்கு 415 வோல்ட் போகாமல் சுமார் 240 வோல்ட்தான் போகும். நேரடியாகக் கிளப்பினால் லைனில் இழுக்கிற ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கே இழுக்கும். வேகம் பிடித்த பிறகு டைமர் ஸ்டார் கான்டாக்டரை விடுவித்து டெல்டா கான்டாக்டரை இழுக்கும். அப்போது ஒவ்வொரு காயிலும் இரண்டு வெவ்வேறு பேஸுக்கு நடுவே உட்கார வேண்டும். படம் வரைந்தவரோ L1-ஐ U2-க்கும், L2-ஐ V2-க்கும், L3-ஐ W2-க்கும் நேர்கோடாக இழுத்துவிட்டிருந்தார். பார்க்க ஒழுங்காக இருந்தது, அதனாலேயே யார் கண்ணிலும் படவில்லை.

பையனுக்கு எப்படிப் பட்டது? மோட்டாரின் டெர்மினல் பலகையைக் காட்டினான். கீழ் வரிசையில் U1, V1, W1. மேல் வரிசையில் U2 முதலில் இல்லை. W2, U2, V2 என்று ஓரிடம் தள்ளி வைத்திருக்கிறார்கள். பித்தளைப் பட்டையை மேலும் கீழுமாக நேராகப் போட்டாலே டெல்டா அமையட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. "இங்க U1-க்கு மேல W2 இருக்குங்க. படத்துல U2 இருக்குது. ரெண்டுல ஒண்ணுதானுங்களே சரியா இருக்கும்?"

பெரியவர் வாதம் செய்யவில்லை. மெயினை அணைத்து, பியூஸைப் பிடுங்கி, சோதனை விளக்கால் சப்ளை இல்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு பேனலிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஆறு வயரையும் கழற்றச் சொன்னார். கழற்றாமல் மீட்டர் வைத்தால் காயில் வழியாகவே பீப் அடித்து ஏமாற்றிவிடும். மெயின் கான்டாக்டரையும் டெல்டா கான்டாக்டரையும் கையால் அமுக்கிப் பிடித்தார். பையன் மீட்டரை U1-லும் U2-லும் வைத்தான். பீப். V1, V2-லும் பீப். W1, W2-லும் பீப். படத்தில் இருந்த தப்பு அப்படியே வயரிங்கிலும் ஏறியிருந்தது.

"இப்படியே ஓட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டேன்.

"புகை வராதுங்க, பியூஸும் போகாது. அதுதான் வம்பே" என்றார். ஸ்டாரில் ஜம்மென்று கிளம்பும். டெல்டாவுக்கு மாறியதும் காயிலில் வோல்டேஜே இருக்காது. கான்டாக்டர் இழுத்துப் பிடித்தபடியே இருக்கும், கிளாம்ப் மீட்டர் பூஜ்யம் காட்டும், மோட்டார் மெல்லச் சுற்றி நின்றுவிடும். ஒரு முனை மட்டும் இப்படி ஒரே பேஸில் மாட்டி, மற்ற இரண்டும் தங்களுக்குள் மாறியிருந்தால் கதை வேறு: மோட்டார் உறுமும், ஆம்பியர் ஏறும், ஓவர்லோடு ரிலே தட்டிவிடும். சத்தமில்லாமல் நிற்பதைப் பார்க்கிறவர்கள் முதலில் டைமரைத்தான் சந்தேகிப்பார்கள்.

L1-ஐ W2-க்கும், L2-ஐ U2-க்கும், L3-ஐ V2-க்கும் மாற்றினார்கள். மறுபடி மீட்டர்: U1, U2-க்கு நடுவே சத்தமில்லை, U1, W2-இல் பீப். மோட்டார் வயர்களை மாட்டி ஸ்டார்ட் பட்டனை அமுக்கியதும் கிளாம்ப் மீட்டர் ஐம்பதைத் தாண்டி ஏறி இறங்கியது. எட்டு விநாடியில் 'டக்'. ஒரு துள்ளு துள்ளிவிட்டு, சுமையில்லாமல் பத்து ஆம்பியர் பக்கம் நின்றது. கிழங்கு விழத் தொடங்கியதும் இருபதைத் தாண்டியது.

பெரியவர் மட்டும் இன்னும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்தார். அதே பட்டறையின் பேனல் ஆத்தூர்ப் பக்கம் இன்னொரு ஆலையிலும் இருக்கிறதாம். மோட்டார் தானாக நின்றுபோகிறது என்று அங்கே இரண்டு டைமர் மாற்றிவிட்டார்களாம்.

"டைமரைத் தொடாதீங்க. மோட்டார் நிக்கிறப்ப கிளாம்ப் மீட்டர்ல பூஜ்யம் காட்டுதான்னு மட்டும் பாருங்க. நாளைக்கு நம்ம பையனைக் கூட்டிட்டு வர்றேன்" என்றார்.