சாயத்தைப் பார்த்து ஏமாந்த கதை

போன மாதம் எங்கட வீட்டில் ஒரு தேயிலைப் பக்கெட்டால் சின்னச் சண்டையே வந்தது.

நானா நுவரெலியா போய்வரும்போது தேயிலை வாங்கி வந்தார். நாங்கள் வழமையாகப் பாவிக்கும் தூளை விட இரண்டு மடங்கு விலை. மேலே ‘ஓ.பி.’ என்று போட்டிருந்தது. திறந்து பார்த்தால் தூள் இல்லை, நூல் நூலாக முறுக்கின நீள இலை.

உம்மா வழமை போல ஒரு கரண்டி போட்டு, கொதிதண்ணீர் ஊற்றி, கொஞ்ச நேரத்தில் வடித்து, பால்மா கலந்தார். தேத்தண்ணி வெளிறிப்போய் இருந்தது. இன்னும் இரண்டு கரண்டி போட்டும் சரிவரவில்லை.

“மகன நல்லா ஏமாத்திட்டாங்க” என்று சொல்லிவிட்டு, வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்து விற்றவரிடம் வாங்கின தூளை எடுத்தார். தண்ணீர் பட்டதும் கடும் சிவப்பு.

“சாயம் என்டா இதுதான் சாயம்!”

நாங்களும் தலையாட்டினோம். நானாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

அடுத்த வாரம் பாடசாலையில் ஒரு பிள்ளையின் வாப்பாவைக் கண்டோம். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். கதையைச் சொன்னதும் சிரித்தார். “டீச்சர், அந்த எழுத்து தரம் இல்ல, சைஸ்” என்றார்.

கொழுந்தை வாட்டி, உருட்டி, நிறம் மாற விட்டு, சூட்டில் காயவைத்த பிறகு சல்லடையில் சலித்துப் பிரிப்பார்கள். நீளமாக நிற்பது ஓ.பி. உடைந்தது பி.ஓ.பி. அதைவிடச் சின்னது பி.ஓ.பி.எப். கடைசியாக விழுவது டஸ்ட். ஒரே நாள் பறித்த ஒரே கொழுந்தில் இருந்து இத்தனையும் வரலாம். ‘ஓ’ என்பது ஒரேன்ஜ்தான், ஆனால் தோடம்பழத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சின்னத் துகளில் தண்ணீர் சீக்கிரம் ஊறும், அதனால் டஸ்டுக்கு 2 நிமிடம் போதும். பி.ஓ.பி.எப்.க்கு 3 நிமிடம். நீள இலைக்கு மூடிவைத்து 5 நிமிடம் வேண்டும். இன்னொன்று, நீள இலை கரண்டியில் இடத்தை அடைக்கும், ஆனால் நிறை குறைவு. ஒரு கோப்பைக்கு 2 கிராம் அளவு என்றால், டஸ்டில் ஒரு தேக்கரண்டி மட்டாகப் போட்டாலே சரி. நீள இலையில் குவித்துப் போட வேண்டும். உம்மா போட்டதும் குறைவு, ஊறவிட்டதும் குறைவு.

விளைந்த இடமும் முக்கியம். நுவரெலியா போன்ற உயரமான இடத்துத் தேயிலை இளம் பொன்னிறமாகத்தான் இறங்கும், அதன் பெறுமதி வாசத்தில் இருக்கிறது. பால் ஊற்றினால் அந்த வாசம் அடங்கிவிடும். காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலைதான் கறுத்து, கடுமையாக இறங்கும். பாலுக்கு அது தாங்கும். நானா கொண்டுவந்தது பிளேன்டிக்கான தேயிலை. நாங்கள் அதைப் பால்தேத்தண்ணி ஆக்கப் பார்த்திருக்கிறோம்.

அவர் கடைசியாக ஒன்று கேட்டார். “மற்றத் தூள் பச்சத் தண்ணியிலயும் சிவக்குதா?”

அன்று பின்னேரமே மூன்று கண்ணாடிக் கிளாசில் குளிர்ந்த தண்ணீர் எடுத்தோம். ஒன்றில் ஓ.பி., ஒன்றில் கடையில் வாங்கின பக்கெட் டஸ்ட், மற்றதில் வாசலில் வாங்கின தூள். அரைக் கரண்டி வீதம் மேலே தூவி, கலக்காமல் விட்டோம். ஓ.பி. அப்படியே மிதந்தது. டஸ்டில் கொஞ்ச நேரம் போய் மெல்லிய மஞ்சள் பரவியது. வாசலில் வாங்கின தூளில் இருந்து மட்டும், போட்ட கையோடு சிவப்புக் கோடுகள் கீழே இறங்கின. ஈரமான வெள்ளை டிஷுவில் தூவிப் பார்த்தோம். அதிலும் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்மஞ்சள் பொட்டு.

நல்ல டஸ்டும் பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் நிறம் விடும். ஆகவே நம்பிக்கையான ஒரு பக்கெட்டைப் பக்கத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். இந்தச் சோதனையில் பிடிபடுவது மேலே பூசின சாயம் மட்டுமே. சீனி கலந்திருந்தாலோ, பழைய தேயிலையாக இருந்தாலோ இதில் தெரியாது.

நிறத்தை மட்டும் பார்த்து வாங்குகிற எங்களுக்கு, நிறத்தையே பூசி விற்றிருக்கிறார்கள். நல்லதைக் கள்ளம் என்றோம், கள்ளத்தை நல்லது என்றோம்.

அந்தத் தூளைக் குப்பையில் கொட்டினோம். பிறகு ஓ.பி.யைக் குவித்துப் போட்டு, மூடி, மணிக்கூட்டைப் பார்த்து 5 நிமிடம் பொறுத்து, பால் இல்லாமல் ஊற்றினோம். உம்மா ஒரு மிடறு குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. கோப்பையை நானாவின் பக்கம் தள்ளி, “இன்னொரு கோப்ப ஊத்து மகன்” என்றார்.