அறுபது பைசாப் பக்கத்தின் உண்மை விலை

நகல் இயந்திர வாடகை ஒப்பந்தங்களில் எல்லார் கண்ணிலும் முதலில் படுவது ஒரு பக்கத்துக்கு இத்தனை பைசா என்ற வரி. அதற்குக் கீழே, பெரும்பாலும் அதே அளவு எழுத்தில், மாதத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை பக்கங்கள் என்று இன்னொரு வரி இருக்கும். விலையைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது வரி. முதல் வரி அதற்கு உள்ளே அடங்கியது.

இந்த முறை இன்று நேற்று வந்ததன்று. 1959இல் அமெரிக்காவின் ஹாலாய்ட் ஜெராக்ஸ் நிறுவனம் 914 என்ற நகல் இயந்திரத்தை அறிமுகப்படுத்தியபோது, அதை விலை கொடுத்து வாங்க அலுவலகங்கள் முன்வருமா என்ற ஐயம் இருந்தது. ஆகவே மாதம் 95 டாலர் வாடகைக்கு இயந்திரத்தை வைத்துவிட்டு, முதல் 2,000 நகல்களை அந்த வாடகைக்குள் அடக்கி, அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நகலுக்கும் 4 சென்ட் வாங்கினார்கள். நிலையான தொகை ஒன்று, அதற்குள் அடங்கும் பக்கங்கள், அதைத் தாண்டினால் பக்கக் கணக்கு: இன்று திருப்பதியில் ஒரு கல்லூரி அலுவலகத்திலோ சித்தூரில் ஒரு வழக்கறிஞர் அறையிலோ கையெழுத்தாகும் ஒப்பந்தத்தின் எலும்புக்கூடு இதுவே.

சித்தூரைச் சேர்ந்த ஒரு கணித ஆசிரியரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். இன்டர்மீடியட் தேர்வுக்கும் பொறியியல் நுழைவுத் தேர்வுக்கும் மாணவர்களைப் பயிற்றுவிக்கும் நிலையம் ஒன்றை அவர் திருப்பதியில் நடத்துகிறார்; சொந்த ஊரில் சிறிய கிளை ஒன்றும் உண்டு. வினாத்தாள்களையும் பயிற்சித் தாள்களையும் வெளியே நகலெடுத்துக் கட்டுப்படியாகாமல், இரண்டு இடங்களிலும் வாடகை இயந்திரம் வைத்துக்கொண்டார். பக்கத்துக்கு 60 பைசா. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் மாதம் குறைந்தபட்சம் 5,000 பக்கங்கள். அதற்கு மேல் போனால் பக்கத்துக்கு 50 பைசா. டோனரும் பழுதுபார்ப்பும் உரிமையாளர் பொறுப்பு, காகிதம் ஆசிரியர் பொறுப்பு. ஒப்பந்தக் காலம் மூன்று ஆண்டுகள்.

ஒரு பக்கத்துக்கு 60 பைசா. இருபுறமும் அச்சடித்தால் காகிதத்துக்கு 28 பைசா (500 தாள் கட்டு 280 ரூபாய் என்ற கணக்கில்). ஆக 88 பைசா. மாணவர்களிடம் வாங்கும் பாடத்தாள் கட்டணத்தை இந்த எண்ணை வைத்தே அவர் நிர்ணயித்தார். ஆண்டு முடிவில் அந்தக் கணக்கில் பெரிய ஓட்டை விழுந்திருந்தது. இத்தனைக்கும் எவரும் அவரை ஏமாற்றவில்லை. ஒவ்வொரு பில்லும் ஒப்பந்தத்தில் இருந்தபடியேதான் வந்தது.

ஓட்டை எங்கே என்று பார்க்கப் பயிற்சி நிலையத்தின் ஆண்டைப் பார்க்க வேண்டும். ஜூனில் சேர்க்கை நடக்கும்போது திருப்பதியில் 1,500 பக்கங்கள்தாம் ஓடின. ஜூலையில் 3,000, ஆகஸ்டில் 4,000, செப்டம்பரில் 4,500. தசரா விடுமுறை வந்த அக்டோபரில் 2,000. நவம்பரில் சரியாக 5,000, டிசம்பரில் 6,000, சங்கராந்தி மாதத்தில் 4,000. பிறகு தேர்வுக் காலம்: பிப்ரவரியில் 9,000, மார்ச்சில் 8,000, ஏப்ரலில் 7,000. மே மாதம் மறுபடியும் 2,000. மொத்தம் 56,000 பக்கங்கள்.

பன்னிரண்டு மாதக் குறைந்தபட்சம் 60,000 பக்கங்கள். அதற்கான 36,000 ரூபாயை அவர் கட்டியாயிற்று. அச்சடித்ததோ அதைவிடக் குறைவு. ஆயினும் டிசம்பரிலும் தேர்வு மாதங்கள் மூன்றிலும் சேர்ந்து 10,000 பக்கங்கள் வரம்பை மீறியதாக மேலும் 5,000 ரூபாய் வசூலிக்கப்பட்டது. மற்ற மாதங்களில் பயன்படாமல் போன 14,000 பக்கங்கள் அந்தந்த மாதக் கடைசியோடு காலாவதியாயின. ஒரே ஆண்டில் குறைவாக ஓட்டியதற்கும் பணம், அதிகமாக ஓட்டியதற்கும் பணம். கணக்கை மாதந்தோறும் முடிக்காமல் ஆண்டுக்கு ஒருமுறை முடித்திருந்தால் இந்த 5,000 ரூபாய் எழுந்தே இராது.

ஆக 41,000 ரூபாய். இதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்து 48,380. ஆசிரியர் ஜிஎஸ்டி பதிவுக்குரிய வரவு வரம்புக்குக் கீழே இருப்பவர். கட்டிய வரியைத் திரும்ப ஈடுசெய்துகொள்ள அவருக்கு வழியில்லை. கல்விச் சேவைக்கு வரிவிலக்குப் பெற்ற பள்ளிகளுக்கும் இதே நிலைதான். எனவே இவர்களைப் பொறுத்தவரை வரியும் விலையின் பகுதியே. காகிதம் 28,000 தாள்கள், 15,680 ரூபாய். இரண்டும் சேர்ந்து 64,060.

இதை 56,000ஆல் வகுப்பதும் சரியன்று. இயந்திரத்தின் மீட்டர் ஓடிய பக்கங்களை எண்ணும். பயன்பட்ட பக்கங்களை அது அறியாது. கோணலாக வந்தவை, டோனர் மங்கி வெளிறியவை, பிழை திருத்தி மீண்டும் அடித்தவை, பழுதுபார்க்க வந்தவர் சோதித்துப் பார்த்தவை எல்லாம் மீட்டரில் ஏறும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கட்டுப் பிரித்துத் திறந்து வைத்த காகிதம் ஈரம் உறிஞ்சி நெளியும். சிக்கும் தாள்கள் அப்போது கூடும். நூற்றுக்கு ஐந்து வீணானதாக வைத்தால், மாணவர் கைக்குப் போனவை 53,200 பக்கங்கள். அவற்றால் வகுத்தால் ஒரு நல்ல பக்கத்தின் விலை 1 ரூபாய் 20 பைசா. ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததைப் போல் சரியாக இரு மடங்கு.

எண்ணும் முறையில் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருபுறமும் அச்சடிப்பது செலவைப் பாதியாக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது பாதியாக்குவது காகிதத்தை மட்டுமே. மீட்டருக்கு ஒரு தாளின் இரு பக்கங்கள் இரண்டு பக்கங்கள்தாம். ஏ3 அளவுத் தாளைப் பல ஒப்பந்தங்கள் இரண்டு பக்கங்களாக எண்ணும். அப்படி எண்ணும் ஒப்பந்தத்தில் வினாத்தாளை ஏ3இல் அடித்து மடித்துக் கொடுப்பதால் கட்டணம் குறையாது. எது ஒரு பக்கம் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இயந்திரம் வந்து இறங்கிய அன்று மீட்டர் காட்டிய எண்ணும் இரு தரப்புக் கையெழுத்தோடு பதிவாகியிருக்க வேண்டும். பழைய இயந்திரங்கள் இலட்சக்கணக்கில் ஓடிய மீட்டரோடுதான் வருகின்றன.

ஆசிரியர் வைத்த 88 பைசாவுக்கும் 1 ரூபாய் 20 பைசாவுக்கும் இடையே 32 பைசா. 53,200 பக்கங்களுக்கு அது ஏறக்குறைய 17,000 ரூபாய். நிலையத்தில் கணக்கு எழுதி, நகலும் எடுத்துக் கொடுக்கும் பெண்மணிக்கு மே மாதம் முழுச் சம்பளம் தருவதாக அவர் சொல்லியிருந்தார். அந்தத் தொகை இந்தப் பள்ளத்தில் போயிற்று. மே மாதம் அவருக்குப் பாதிச் சம்பளமே கிடைத்தது. பன்னிரண்டு பில்களையும் வரிசையாக அடுக்கி, எந்த மாதம் எவ்வளவு ஓடியது என்று முதலில் எழுதிப் பார்த்தவரும் அவரே. “சார், நாம பிப்ரவரியில அதிகம் அடிச்சோம்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். ஜூன்ல குறைவா அடிச்சதுக்குத்தான் அதிகம் கட்டியிருக்கோம்” என்றார்.

அந்தப் பட்டியலிலிருந்து ஒரு வழி உடனே தெரிந்தது. குறைந்தபட்ச வரம்புக்குள் இருக்கும்வரை கூடுதலாக அடிக்கும் பக்கத்துக்கு மீட்டர் செலவு கிடையாது, காகிதச் செலவு மட்டுமே. மாறாத பகுதிகளான சூத்திரத் தொகுப்பையும் முந்தைய ஆண்டு வினாத்தாள்களையும் பிப்ரவரிக்கு வைக்காமல் ஜூன், ஜூலையிலேயே அடித்துக் கட்டி வைக்கலாம். பாடத்திட்டம் மாறக்கூடிய ஆண்டில் இது கைகொடுக்காது. வாரத் தேர்வுத் தாள்களை முன்கூட்டி அடிக்கவும் முடியாது. ஆயினும் அந்த 10,000 மீறலில் பாதியை இவ்வாறு நகர்த்திவிடலாம்.

சித்தூர்க் கிளையின் கணக்கு இன்னும் எளிது, இன்னும் கசப்பானது. அங்கே ஏற்ற இறக்கமே இல்லை. மாதம் 3,000 பக்கங்கள், ஆண்டுக்கு 36,000. கட்டியது 36,000 ரூபாய். வரிக்கும் காகிதத்துக்கும் முன்பே பக்கம் ஒரு ரூபாய். இங்கே முன்கூட்டி அடிப்பதும் ஆண்டுக் கணக்கும் உதவா, ஏனெனில் எந்த மாதமும் வரம்பை எட்டுவதில்லை. வரம்பே அந்தக் கிளைக்குப் பொருந்தாதது.

உரிமையாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. இயந்திரத்தில் முடங்கிய முதலும், பழுது என்றால் ஆள் அனுப்பும் செலவும் பக்கம் ஓடாத மாதத்தில் நின்றுவிடுவதில்லை. குறைந்தபட்சம் என்பது அவற்றுக்கான வாடகை; பக்க விலை என்ற பெயரில் வாங்கப்படும் வாடகை. ஆதலால் அதை நீக்கச் சொல்வது வீண். எவ்வளவு குறைக்கலாம், அதற்கு ஈடாகப் பக்க விலையை எவ்வளவு உயர்த்தலாம் என்று கேட்பதே பயன் தரும்.

ஆசிரியர் அதைத்தான் கேட்டார். குறைந்தபட்சம் 3,000 பக்கங்கள், எல்லாப் பக்கங்களுக்கும் 70 பைசா என்று உரிமையாளர் சொன்னார். விலை ஏறியதாகவே முதலில் தோன்றும். கடந்த ஆண்டின் பக்கங்களை அதில் பொருத்திப் பார்த்தால் திருப்பதிக்கு 41,650 ரூபாய் வருகிறது, முன்பைவிட 650 கூடுதல். சித்தூருக்கு 25,200, முன்பைவிட 10,800 குறைவு. இரண்டும் சேர்ந்து, வரிக்கு முன்பே, ஆண்டுக்கு 10,150 ரூபாய் மிச்சம். 60 பைசாவைவிட 70 பைசா மலிவு.

எனினும் பழைய ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டுகள் எஞ்சியிருந்தன. இடையில் முறித்தால் மீதி மாதங்களின் குறைந்தபட்சத் தொகையைக் கட்ட வேண்டும். இரண்டு இயந்திரங்களுக்கும் சேர்த்து 1,44,000 ரூபாய். மாதம் 5,000 பக்கங்கள் என்று கையெழுத்திட்டவர் உண்மையில் ஏற்றுக்கொண்டது இப்படிப்பட்ட ஒரு கடனை. பழைய ஒப்பந்தத்தை முறிக்காமல் திருத்த உரிமையாளர் ஒப்புக்கொண்டார். பதிலுக்குக் காலத்தை மேலும் ஓர் ஆண்டு நீட்டிக்கக் கேட்டார். கையெழுத்துக்கு முன் கணக்கு எழுதும் பெண்மணி இரு கிளைகளின் பன்னிரண்டு மாதப் பட்டியலையும் எடுத்து, மிகக் குறைவாக ஓடிய மாதங்களை மட்டும் சிவப்பு மையால் கோடிட்டு மேசைமேல் வைத்தார். ஜூனில் 1,500, அக்டோபரில் 2,000, மேயில் 2,000. புதிய வரம்பும் அந்த மூன்று மாதங்களில் எட்டப்படாதுதான். ஆனால் இம்முறை அதற்கு எவ்வளவு போகும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது: 2,450 ரூபாய்.