கொதி எண்ணெயும் எங்கள் கன்டீனும்: அன்று நாங்கள் விட்ட பிழைகள்

இதை எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தோம். பிழை விட்டது நாங்கள். பாடசாலையில் முதலுதவி படிப்பிக்கிற நாங்கள்தான் பிழை விட்டோம் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஊரில் எத்தனையோ வீடுகளில் ரோல்ஸ், சமூசா, பெட்டிஸ் பொரித்துத்தான் அடுப்பு எரிகிறது. நோன்பு வந்தால் அது இன்னும் கூடும். அதனால் எழுதுகிறோம்.

எங்கள் கன்டீன் ராத்தா அன்று கொஞ்சம் பிந்திவிட்டார். இடைவேளைக்கு இன்னும் கால் மணித்தியாலம்தான். தாச்சியில் எண்ணெய் முக்கால்வாசி இருந்தது, லேசாகப் புகையவும் தொடங்கியிருந்தது. முந்திய நாள் சுற்றி பிரீசரில் வைத்த ரோல்ஸை, ஐஸ் ஒட்டியிருக்க அப்படியே பத்துப் பன்னிரண்டை ஒரேயடியாகப் போட்டிருக்கிறார். எண்ணெய் நுரைத்துப் பொங்கித் தெறித்தது. வலது கை, முழங்கைக்குக் கீழே மணிக்கட்டு வரைக்கும் வெந்துவிட்டது. வழிந்தது காலிலும் விழுந்தது. ஒரு ஆசிரியர் பாய்ந்து போய் கேஸ் சிலிண்டரை மூடினார். அது ஒன்றுதான் அன்று நாங்கள் சரியாகச் செய்த காரியம்.

மற்றதெல்லாம் இப்படி நடந்தது. குடிக்கிற தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கையில் ஊற்றினோம். இரண்டு நிமிடம்கூட இருக்காது. "போதும், இனி பற்பசை பூசுங்க" என்றார் ஒருவர். "முட்டை வெள்ளைக்கருதான் நல்லம்" என்றார் இன்னொருவர். கடைசியில் பற்பசை பூசினோம். வளையலையும் மோதிரத்தையும் கழற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது விரல் வீங்கி, மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள். காய்ந்து ஒட்டியிருந்த பற்பசையைத் தாதி கழுவி எடுக்கும்போது ராத்தா அழுத அழுகை இன்னும் எங்கள் காதில் இருக்கிறது.

தாதி எங்களைத் திட்டவில்லை. "எவ்வளவு நேரம் தண்ணி விட்டீங்க, டீச்சர்?" என்று மட்டும்தான் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குள்தான் எல்லாம் இருக்கிறது. தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். பொரிக்கிற எண்ணெய் 170, 180 பாகையில் நிற்கும். அதோடு தண்ணீர் மாதிரி வழிந்து போகாமல் தோலிலும் உடுப்பிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். மேலே ஆறிவிட்டது போலத் தெரிந்தாலும், உள்ளே இறங்கிய சூடு அடுத்த படைகளை வேகவைத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டை வெளியே எடுக்கத்தான் தண்ணீர். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் குறையும், சூடு போகாது. ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துப் பிடியுங்கள். உடனே செய்ய முடியாமல் போனாலும், மூன்று மணித்தியாலத்துக்குள் செய்தால் பிரயோசனம் இருக்கிறது. பைப் இல்லாத இடத்தில் சுத்தமான தண்ணீரைக் கோப்பையால் விடாமல் ஊற்றிக்கொண்டிருக்கலாம்.

ஐஸ் வைக்கக் கூடாது. அது இரத்த ஓட்டத்தைச் சுருக்கி, வெந்த தோலை இன்னும் கெடுக்கும். பற்பசை, முட்டை, பட்டர், மஞ்சள், கோப்பித்தூள் ஒன்றும் வேண்டாம். அவை சூட்டை உள்ளே பூட்டிவைக்கும், கிருமியையும் கொண்டுவரும். காயம் எவ்வளவு ஆழம் என்று வைத்தியர் பார்க்கவும் விடாது.

தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வளையல், மோதிரம், மணிக்கூடு, எண்ணெய் ஊறிய உடுப்பு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். எண்ணெய் ஊறிய சட்டைக்கை உடம்பில் இருக்கும் வரைக்கும் சுட்டுக்கொண்டே இருக்கும். தோலோடு ஒட்டிவிட்ட துணியை மட்டும் இழுக்காதீர்கள், அதன் மேலாலேயே தண்ணீரை விடுங்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். 20 நிமிடம் முடிந்த பிறகு, சாப்பாடு மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் காயத்தின் மேல் விரித்து மூடலாம். கையைச் சுற்றி இறுக்கக் கூடாது. கை விரல்கள் என்றால் பாவிக்காத சுத்தமான பொலித்தீன் பை ஒன்றைப் போட்டால் போதும். பஞ்சு வைத்தால் ஒட்டிக்கொள்ளும். சின்னப் பிள்ளை என்றால் காயத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மற்ற உடம்பைத் துணியால் போர்த்தி வையுங்கள். குளிர் பிடித்தால் அது வேறு ஆபத்து.

எப்போது ஆஸ்பத்திரி? காயம்பட்டவருடைய உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த அளவைவிடப் பெரிய காயம் என்றால் போக வேண்டும். முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் என்றால் சிறிய காயமானாலும் போக வேண்டும். தோல் வெளுத்தோ கருகியோ இருந்து நோவே இல்லை என்றால், "நோவில்லையே" என்று ஆறுதல் பட வேண்டாம். அது ஆழமாக வெந்ததன் அடையாளம். குழந்தைகள், வயதானவர்கள், சீனி வருத்தக்காரர்களை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். 1990 சுவசெரியவுக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். அது வரும் வரைக்கும் தண்ணீரை நிறுத்தாதீர்கள்.

இனி, இது ஏன் நடந்தது? ஐஸ்தான் காரணம். கொதி எண்ணெய்க்குள் போகிற தண்ணீர் அடியில் இறங்கி ஒரு நொடியில் ஆவியாகும். ஆவியாகும்போது தன் அளவைப்போல ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். ஒரு தேக்கரண்டித் தண்ணீர் அப்படி விரிந்தால், முக்கால்வாசி நிரம்பிய தாச்சியில் எண்ணெய்க்குப் போக இடமேது? வெளியேதான் வரும். இப்போது ராத்தா தாச்சியில் பாதிக்கு மேல் எண்ணெய் விடுவதில்லை. ரோல்ஸை முந்திய இரவே பிரீசரிலிருந்து பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி வைக்கிறார். காலையில் துணியால் ஒற்றி, நாலு நாலாக, வடிகரண்டியில் வைத்து மெதுவாக இறக்குகிறார். புகை கிளம்பினால் நெருப்பைக் குறைக்கிறார். புகைதான் எண்ணெய் பற்றப்போவதற்கு முன்னால் தருகிற எச்சரிக்கை.

பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அதே ஆவிக் கதைதான், இந்த முறை நெருப்போடு மேலே எழும்பும். கேஸை மூடி, பெரிய மூடியால் தாச்சியை மூடிவிட்டு விலகுங்கள். ஆறும் வரைக்கும் திறக்க வேண்டாம். சூடான தாச்சியைத் தூக்கிக்கொண்டு நடப்பதும் வேண்டாம். வேலை முடிந்ததும் அவசரத்தில் எண்ணெயை வடிக்கப் போய்க் காலில் ஊற்றிக்கொண்டவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். தாச்சியை வெளியே தொட்டால் சுடாத அளவுக்கு ஆறட்டும்.

கன்டீனில் மூன்று மாற்றம் செய்தோம். அடுப்பு முன்மேசையிலிருந்து பின்சுவருக்குப் போனது. அன்று அந்த மேசையில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் காசோடு நின்றிருந்தார்கள். ஒரு எட்டு முன்னால் நின்றிருந்தால் முகத்தில்தான் பட்டிருக்கும். அடுத்தது தண்ணீர். பைப் மலசலகூடத்துப் பக்கம், அறுபது எட்டு தள்ளி இருந்தது. இப்போது வாசலுக்கு வெளியே பைப் வைத்த பீப்பா ஒன்று எப்போதும் நிரம்பி நிற்கிறது. மூன்றாவது உடுப்பு. தொளதொளத்த நைலோன் கை பற்றினால் உருகித் தோலில் ஒட்டும். பருத்திக் கையுறையும் முழங்கை வரைக்கும் இறுக்கமான பருத்திக் கையும், ரப்பர் செருப்புக்குப் பதிலாகப் பாதம் மூடிய சப்பாத்தும் வந்தன.

ராத்தா ஆறு வாரம் கழித்து வந்தார். கை ஆறிவிட்டது. மணிக்கட்டில் தோல் இழுத்துப் பிடிப்பதால் ரோல்ஸ் சுற்றும்போது இன்னும் சிரமப்படுகிறார். போன கிழமை அவரே ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கையைக் காட்டி, "இருபது நிமிசம், மறக்காதீங்க" என்று சொன்னார். நாங்கள் பின்வாங்கில் இருந்து கேட்டோம்.

உங்கள் வீட்டில், கடையில் பொரிக்கிற இடத்திலிருந்து பைப் எத்தனை எட்டு? இன்றைக்கே ஒருமுறை நடந்து எண்ணிப் பாருங்கள்.